தமிழ் எழுத்தும் உரோமன் எழுத்தும்: ஊர்ப்பெயர்ப் பதிவுகளை இணைக்கும் முறை

முன்னுரை

சென்னையின் வடபால், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே விம்கோ நகர் என்றோர் இடம் உளது. தொடர்வண்டி நிலையமும், 2021-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ நிலையமும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. வெசுட்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரினுடைய முதலெழுத்துகள் சேர்ந்து விம்கோ என்னும் சொல்லாயின. அச்சொல் தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் ஐயத்திற்கு இடமின்றி ஒத்து நிற்கின்றது. ஆயின், பழைய ஊர்ப் பதிவுகளில் அப்பெயரைத் தேடுவார் காணமாட்டார். அங்கே காணப்படுவன திருவொற்றியூர், கத்திவாக்கம், எர்ணாவூர், சாத்தங்காடு, சடையங்குப்பம் முதலிய தொல்லூர்ப் பெயர்களே. அவையோ தமிழ்ப் பதிவில் ஒருவகையாகவும், ஆங்கிலப் பதிவில் பலவகையாகவும் எழுதப்பட்டுள்ளன.

ஊர்ப்பெயராய்வு, கோயில் நிலவாய்வு, கல்வெட்டாய்வு ஆகிய எதனை மேற்கொள்ளும் மாணவரும் ஒரு நிலையில் இவ்விரு பதிவுகளையும் அருகருகே வைத்து, இந்த வரியில் உள்ள ஊரும் அந்த வரியில் உள்ள ஊரும் ஒன்றே என்று முடிவு செய்ய வேண்டியவராகின்றார். அம்முடிவு தவறின், ஓரூரின் நிலமும் மக்கட்டொகையும் பிறிதோர் ஊரின் கணக்கில் ஏறிவிடும். பின்னர் அதன்மேல் எழுப்பப்படும் கருத்துகள் அனைத்தும் பிழைபடும். பட்டியலில் ஊர் விடுபட்டுப்போயின் வெற்றிடமேனும் கண்ணுக்குத் தெரியும். பிழைபட இணைந்த ஊரோ நிறைவான வரியாகத் தோன்றி, எவர் கண்ணிலும் படாமல் இருந்துவிடும். ஆதலின் இவ்விணைப்பை எம்முறையில் செய்வது, எங்கே நிறுத்துவது என்பவற்றை வடசென்னை ஊர்கள் சிலவற்றைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு எழுத்துகளும் மறைப்பவை

தமிழ் நெடுங்கணக்கில் க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகளுக்கு வன்மையொலி, மென்மையொலி என வேறு வேறு வடிவங்கள் இல்லை. சொல் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லொலியாகவும், உயிரிடையிலும் மெல்லெழுத்தின் பின்னும் நெகிழ்ந்த ஒலியாகவும் அவை நிற்கும். இவ்வியல்பைக் கால்டுவெல் 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். இடம் நோக்கியே ஒலி அறியப்படுதலின் தமிழர்க்கு இரண்டாம் வடிவம் வேண்டப்படவில்லை. ஆங்கில எழுத்தரோ தம் காதில் விழுந்தவாறு k என்றும் g என்றும், t என்றும் d என்றும் பிரித்தெழுதினர்.

மறுபுறம், தமிழ் எழுத்து நுணுக்கமாகப் பிரிப்பவற்றை உரோமன் எழுத்து ஒன்றாக்கிவிடுகின்றது. ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் l ஆகின்றன. ந, ன, ண மூன்றும் n ஆகின்றன. ர, ற இரண்டும் r ஆகின்றன. குறிலும் நெடிலும் வேறுபாடின்றி a, i, u என நிற்கின்றன. இவற்றினும் பெருந்தொல்லை தருவது t என்னும் எழுத்தே. ட்ட, த்த, ற்ற என்னும் மூன்றும் tt என எழுதப்படுகின்றன. திருவொற்றியூரின் ற்ற, Tiruvottiyur என்னும் வடிவில் tt ஆயிற்று. அதனைத் தமிழறியாதார் மீண்டும் தமிழில் எழுதின், திருவொட்டியூர் என்றோ திருவொத்தியூர் என்றோ எழுதுவர். ஒற்றி என்னும் சொல்லின் பொருள் அங்கே முற்றும் அழிந்துபோம்.

இதனால் ஓர் உண்மை புலனாகும். ஆங்கில வடிவத்திலிருந்து தமிழ் வடிவத்தையோ, தமிழ் வடிவத்திலிருந்து ஆங்கில வடிவத்தையோ முழுமையாக மீட்டல் இயலாது. இரண்டையும், இரண்டும் தாங்கக்கூடிய ஒரு பொது வடிவத்திற்குக் குறைத்துக் கொணர்தலே செய்யத்தக்கது.

ஆங்கில வடிவத்தின் நான்கு தலைமுறைகள்

ஆங்கில வடிவங்கள் பலவாதற்கு எழுத்தரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. அவை வெவ்வேறு காலத்து வெவ்வேறு மரபுகளைச் சார்ந்தவை. கும்பினியார் காலத்து எழுத்தர் செவிவழி கேட்டதை ஆங்கிலச் சொல்போல் எழுதினர். Trivatore என்பது அவ்வாறு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்டர் என்பாரின் முறை அரசாங்கப் பதிவுகளிற் பரவிய பின்னர் Tiruvottiyur போன்ற சீரிய வடிவங்கள் நிலைபெற்றன. கல்வெட்டறிஞர் ற என்பதைக் கீழ்க்கோடிட்ட r கொண்டு குறித்தனர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் அத்தகைய குறிகளைக் கையாண்டது. அக்கோடுகளும் புள்ளிகளும் அச்சிலோ கணிப்பொறியிலோ உதிர்ந்துவிடின் எஞ்சுவது Tiruvorriyur என்பதாகும். இக்காலத்தார் த என்பதற்கு th இட்டு Thiruvottiyur என்றும், ற்ற என்பதற்கு tr இட்டு Thiruvotriyur என்றும் எழுதுகின்றனர்.

ஆகவே ஒரு பதிவைக் கையிலெடுத்தவுடன் முதற்கண் வினவவேண்டியது, இஃது எம்மரபிற் பிறந்தது என்பதே. rr என்பது கல்வெட்டு அறிக்கையில் ற்ற ஆகும். பிற பதிவுகளில் அது வெறும் ர ஆகவும் இருத்தல் கூடும். இவ்வினாவுக்கு விடை காணாமல் வகுக்கும் விதி எதுவும் பாதி ஊர்களுக்கே பொருந்தும்.

மெய்க்கோவை அமைத்தல்

மேற்கூறிய பொது வடிவத்தை மெய்க்கோவை என வழங்குவோம். பெயரின் உயிர்களை நீக்கி, ஒலியால் மயங்கும் மெய்களை ஒரே எழுத்தாக்கி, எஞ்சிய எலும்புக்கூட்டை மட்டும் வரிசையாக எழுதுவதே அது. அதனை ஆங்கில எழுத்தில் அமைத்தலினும் தமிழ் எழுத்தில் அமைத்தல் நன்று. வன்மை மென்மை வேறுபாடு தமிழெழுத்தில் இயல்பாகவே இல்லையாதலின், k, g என்னும் முரண் அங்கே தானே நீங்கிவிடும்.

விதிகள் சிலவே. சொல் முதலில் நிற்கும் உயிர் எதுவாயினும் அ எனக் கொள்க; பிற உயிர்களை நீக்குக. இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குக. ல, ள, ழ என்பவற்றையும் l, zh என்பவற்றையும் ல ஆக்குக. ங, ஞ, ண, ந, ன அனைத்தும் ந ஆகுக. ம தனித்து நிற்க. ட, த இரண்டும், t, th, d, dh நான்கும் த ஆகுக. s, ch, sh மூன்றும் ச ஆகுக. K, g இரண்டும் க ஆகுக. P, b இரண்டும் ப ஆகுக. V, w இரண்டும் வ ஆகுக. சொல்லிடையில் வரும் ய, y என்பவற்றை உடம்படுமெய்யாகக் கருதி நீக்குக.

ற என்னும் எழுத்துக்கு மட்டும் இடம் நோக்கி விதி வேண்டும். தனித்து நிற்பின் ர எனவும், ற்ற என நிற்பின் த எனவும், ன்ற என நிற்பின் நத எனவும் கொள்க. அதற்கேற்ப ஆங்கிலத்தில் சொல்லிடையில் வரும் tr என்பது த ஆகும். Ndr என்பது நத ஆகும். கல்வெட்டு மரபின் rr என்பதும் த ஆகும். சொல் முதலில் வரும் tr மட்டும் தர எனப் பிரிந்து நிற்கும். Trivatore என்பதில் திரு என்னும் சொல்லின் உகரம் விழுந்ததால் தோன்றியது அது. இவ்விதிகளின்படி சில ஊர்கள் பெறும் கோவைகள் வருமாறு:

```
திருவொற்றியூர்    தரவதர
Thiruvotriyur     தரவதர
Tiruvorriyur      தரவதர
Trivatore         தரவதர
சாத்தங்காடு       சதநகத
Sathangadu        சதநகத
எர்ணாவூர்         அரநவர
Ernavoor          அரநவர
சடையங்குப்பம்     சதநகபம
Sadayankuppam     சதநகபம
```

தமிழ்ப் பதிவிலும் எழுத்து வேறுபாடு உண்டென்பதை மறத்தல் ஆகாது. எர்ணாவூர் என்றும் எரணாவூர் என்றும் எழுதுவர். சின்னச்சேக்காடு என வல்லொற்று மிக எழுதுவாரும், சின்னசேக்காடு என மிகாது எழுதுவாரும் உளர். உயிரை நீக்கி இரட்டிப்பைக் குறைத்தலால் இவ்வேறுபாடுகளும் மெய்க்கோவையில் மறைந்துவிடுகின்றன.

மேனாட்டுச் சவுண்டெக்ஸ் பொருந்தாமை

ஆங்கில மக்கட்பெயர்களை ஒலிவழி இணைத்தற்கு அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் என்னும் முறை வகுக்கப்பெற்று, 1918-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை ஆறு வகுப்பாகப் பிரித்து, மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்வது அம்முறை. கணிப்பொறிகள் பலவற்றில் அஃது ஆயத்தமாக உள்ளமையால் மாணவர் பலர் அதனையே கையாள முற்படுகின்றனர். தமிழ் ஊர்ப்பெயர்க்கு அது தரும் பயன் சிறிது, கேடு பெரிது.

Tiruvottiyur, Trivatore என்னும் இரண்டிற்கும் அம்முறை T613 என்னும் ஒரே எண்ணைத் தருகின்றது. இதுகாறும் நன்றே. ஆயின் Tirupattur என்பதற்கும் அதே T613 கிடைக்கின்றது. p, v இரண்டும் அங்கே ஒரே வகுப்பாதலின், திருப்பத்தூரும் திருவொற்றியூரும் ஓரூராகிவிடுகின்றன. திரு என்று தொடங்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் மிகப்பல. அவற்றின் முதற்சொல்லே T6 என்னும் இடத்தை நிரப்பிவிடுதலால், ஊரைப் பிறிதோர் ஊரினின்று வேறுபடுத்த எஞ்சுவன இரண்டு எண்களே. இன்னும், ழ என்பதற்கு எழுதும் zh, அம்முறையில் z-இன் வகுப்பாகிய க, ச இனத்தோடு சேர்ந்துவிடும். புழல் என்னும் ஊர் Puzhal என எழுதப்படின் ஓரெண்ணும் Pulal என எழுதப்படின் வேறெண்ணும் பெறும். ஆகவே சேரவேண்டியதைப் பிரித்தலும், பிரியவேண்டியதைச் சேர்த்தலும் ஆகிய இரு குற்றமும் அதன்கண் உள்ளன. மெய்க்கோவையில் ப, வ இரண்டையும் நாம் வேறாக வைத்ததற்கு இதுவே காரணம்.

மூன்று பாக்கங்கள்

ப, வ வேறுபாட்டின் பயனை வடசென்னை ஊர்கள் கொண்டே தெளியலாம். கத்திவாக்கம் எண்ணூரை அடுத்துள்ளது. கடப்பாக்கம் மணலிக்கு வடக்கே உள்ளது. காட்டுப்பாக்கம் பூவிருந்தவல்லியை அடுத்துள்ளது. ஆங்கிலத்தில் இவை Kathivakkam, Kadapakkam, Kattupakkam என வழங்கும். முதலாவது Kattivakkam எனவும் எழுதப்படும். பாக்கம், வாக்கம் இரண்டும் ஒன்றே எனக் கருதி ப, வ இரண்டையும் ஒன்றாக்குவோமாயின் மூன்று ஊர்களும் ஒரே கோவை பெறும். வேறாக வைப்பின் கத்திவாக்கம் கதவகம எனப் பிரிந்து நிற்கும். கடப்பாக்கமும் காட்டுப்பாக்கமும் கதபகம என்னும் ஒரே கோவையில் எஞ்சும்.

இவ்விரண்டையும் பிரித்தற்கு, முன்னர் நாம் களைந்தெறிந்த வன்மை மென்மை வேறுபாடே துணைபுரிகின்றது. உயிரிடையில் ஒற்றை ட நெகிழ்ந்தொலித்தலால் ஆங்கில எழுத்தர் d என எழுதினர். இரட்டித்த ட்ட வல்லொலியாதலால் tt என எழுதினர். எனவே Kadapakkam என்பதன் d, தமிழில் ஒற்றை மெய்யை எதிர்நோக்குகின்றது. Kattupakkam என்பதன் tt, இரட்டை மெய்யை எதிர்நோக்குகின்றது. ஆங்கிலத்தின் g, d, b என்பன தமிழ் மூலத்தில் மெய் இரட்டிக்கவில்லை என்பதற்குச் சான்றாவன. மெய்க்கோவை ஒத்த பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இச்சான்றை இரண்டாம் படியாக நோக்கல் வேண்டும். தொடக்கத்திலேயே இதனைப் புகுத்தின், th என்பது த, த்த இரண்டிற்கும் வருதலால், சேரவேண்டிய பல ஊர்கள் சேராமற் போம்.

இவ்வளவில் நின்றுவிடின் இடர் தீர்ந்ததெனக் கருதுவோம். இக்கட்டுரையாளனும் ஒருகால் அவ்வாறே கருதிக் கடப்பாக்கத்தின் வரிகளை இணைத்துப் பிழைபட்டது உண்டு. கடப்பாக்கம் என்னும் ஊர் ஒன்றன்று. மணலிப் பக்கத்துக் கடப்பாக்கம் ஒன்று. செய்யூர் வட்டத்தில், ஆலம்பரைக் கோட்டைக்கு அணித்தாய்க் கடலோரத்தில் உள்ள கடப்பாக்கம் மற்றொன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓரெழுத்தும் வேறுபடாமல் இவை ஒத்து நிற்கின்றன. எழுத்தொப்புமை முழுமையாக இருந்தும் இணைப்பு முழுத்தவறாகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மாவட்டத்தை வரையறையாகக் கொண்டால் போதாதோ எனின், போதாது. 1997-ஆம் ஆண்டுக்கு முந்திய பட்டியலில் இரண்டு ஊர்களும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தின. அவ்வாண்டில் மாவட்டம் பிரிந்தபோது வடக்கிலுள்ளது திருவள்ளூர் மாவட்டத்திலும், தெற்கிலுள்ளது காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்தன. வடக்கிலுள்ளது 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெற்கிலுள்ளது 2019-இல் மீண்டும் செங்கற்பட்டு என்னும் பெயருடைய புதிய மாவட்டத்தின்கண் வந்தது. இதனால் விளையும் கேடு நோக்கத்தக்கது. செங்கற்பட்டு, கடப்பாக்கம் என்னும் இரு சொல்லையும் கொண்டு பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைப்பார், வடகடப்பாக்கத்தின் பழைய வரியைத் தென்கடப்பாக்கத்தின் புதிய வரியோடு சேர்த்துவிடக்கூடும். மாவட்டப் பெயர் ஒத்திருத்தலே அங்கே மயக்கத்தை வளர்க்கின்றது.

இதற்குக் கழுவாய் அயலூர்களை நோக்குதலே. ஊர்ப்பட்டியலில் முன்னும் பின்னும் வரும் பெயர்களையும், எல்லை கூறும் இடத்தில் வரும் பெயர்களையும் எடுத்து, அவற்றிற்கும் மெய்க்கோவை காணல் வேண்டும். சடையங்குப்பம், இடையன்சாவடி, அரியலூர் என்பன அருகே வரின் அது வடகடப்பாக்கம். மாவட்ட எல்லை மாறும். ஊர்க்கு அயலூர் மாறாது. ஆயினும் அரியலூர் என்னும் பெயரைத் தனித்துச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. மாவட்டத் தலைநகராகிய அரியலூர் வேறு. மூன்று அயலூர்களேனும் ஒருங்கே ஒத்தல் வேண்டும் என்பது பட்டறிவால் கண்ட அளவு.

நிலப்பரப்பும் ஓரளவு துணைசெய்யும். இரு பதிவுகளின் பரப்பளவு நெருங்கி இருப்பின் இணைப்பு வலுப்பெறும். ஓரெண் மற்றையதைப் போல் ஏறத்தாழ 2.47 மடங்காயிருப்பின் ஊர் வேறென்று அஞ்சற்க. ஒன்று ஏக்கரிலும் மற்றொன்று எக்டேரிலும் எழுதப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

Trivatore எவ்வூர்?

அயலூர்ச் சான்றின் வலிமையை மற்றோர் எடுத்துக்காட்டால் முடிவு செய்வோம். 1708-ஆம் ஆண்டில் நவாபு தாவூத்கான் ஆங்கிலக் கும்பினியார்க்கு ஐந்து ஊர்களை அளித்தார். இடையில் அவை மீட்கப்பெற்று, 1717-இல் மீண்டும் கும்பினியார் கைக்கு வந்தன. அவ்வைந்தனுள் ஒன்று Trivatore. அதனைத் திருவொற்றியூர் என எதனாற் கொள்கின்றோம்?

மெய்க்கோவை தரவதர என்பது உண்மையே. ஆயின் செய்யாற்றங்கரையில் உள்ள பாடல்பெற்ற ஊராகிய திருவோத்தூரும் அதே கோவையை உடையது. இன்னும் நுணுகி நோக்கின், எழுத்தளவில் Trivatore திருவோத்தூருக்கே நெருங்கியதாகத் தோன்றும். திருவொற்றியூரில் தகரத்தின் பின் இகரமும் யகரமும் உள; Trivatore என்பதில் அவற்றின் சுவடே இல்லை. திருவோத்தூரிலோ த்த என்பதன் பின் ஊகாரம் நேரே வருகின்றது. எழுத்தை மட்டும் நோக்கி மதிப்பெண் இடும் கணிப்பொறி, பிழையான ஊருக்கே மிகுந்த மதிப்பெண் இடும்.

இனி, உடன்வரும் நான்கு ஊர்களை நோக்குக. அவை கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பன. இந்நான்கும் சென்னைக் கோட்டையிலிருந்து 20 கி.மீ. தொலைவுக்குள் அடங்குவன. கத்திவாக்கமும் சாத்தங்காடும் திருவொற்றியூரைச் சூழ்ந்தே உள்ளன. செய்யாற்றுத் திருவோத்தூரோ நூறு கி.மீ. அளவு தொலைவில் உள்ளது. கோட்டைப் புறத்து ஊர்களை அளிக்கும் ஆவணத்தில் அஃது இடம்பெறக் காரணம் இல்லை. எனவே Trivatore என்பது திருவொற்றியூரே என்பது உறுதியாயிற்று. இவ்வுறுதியைத் தந்தது எழுத்தன்று, இடமே என்பதை உளங்கொள்ளல் வேண்டும். வேறோர் ஆவணத்தில், செய்யாற்றுப் பக்கத்து ஊர்களோடு அதே எழுத்து வடிவம் வருமாயின், அங்கே விடை மாறும். ஆதலின் Trivatore என்றாலே திருவொற்றியூர் என ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டு எல்லாப் பதிவுக்கும் அதனைப் பொருத்துதல் தவறு. இணைப்பு என்பது பெயர்க்கும் பெயர்க்கும் உள்ள உறவன்று. பதிவுக்கும் பதிவுக்கும் உள்ள உறவு.

ஓலைச்சுவடிப் பதிவுகள்

செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களைப் பார்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கின் ஆங்கிலச் சுருக்கங்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், ஊர்க்கணக்கர் எழுதிய ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஒரே கணக்கின் இரு வடிவங்களாதலின் இவற்றை இணைத்தல் இப்பொருளுக்குச் சிறந்த களமாகும்.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. உயிரை நீக்கி மெய்யை மட்டும் நோக்கும் முறைக்கு இவற்றால் இடரில்லை. புள்ளியின்றி எழுதிய கததிவாககம என்பது மெய்க்கோவைக்கு அணித்தாகவே உளது. இடர் தருவது காலும் ரகரமும் ஒரே வடிவாயிருத்தலே. சாத்தங்காடு என்பதைப் படியெடுப்பார் காடு என்பதைக் கரடு எனப் படித்துவிடின், இல்லாத ரகரம் ஒன்று கோவையிற் புகும். சதநகத என்பது சதநகரத ஆகும். ஆதலின் ஓலைவழி வந்த பெயர் எதனோடும் பொருந்தாதபோது, கோவையின் இடையில் உள்ள ரகரங்களை ஒவ்வொன்றாக நீக்கி மீண்டும் தேடுதல் வேண்டும். அவ்வாறு பொருந்தியவற்றை ஓலையை நேரிற் கண்டு உறுதிசெய்த பின்னரே ஏற்றல் தகும்.

முறையின் எல்லை

ஒலிவழி இணைப்பு சென்றெட்டாத பெயர்களும் உள. எழும்பூர் Egmore எனவும், திருவல்லிக்கேணி Triplicane எனவும், தூத்துக்குடி Tuticorin எனவும் வழங்குவன, எவ்விதிக்கும் முழுதும் அடங்கா. செங்குன்றம் Red Hills ஆனது ஒலிபெயர்ப்பன்று, மொழிபெயர்ப்பு. இத்தகையவற்றைத் தனிப்பட்டியலாக எழுதிவைத்துக்கொள்ளுதல் ஒன்றே வழி. இவற்றையும் அடக்குமாறு விதிகளை நெகிழ்த்த முற்படின், பத்து ஊர்களைச் சேர்க்கும் பொருட்டு நூறு ஊர்களைக் குழப்பியவராவோம்.

தமிழ் ஒலிப்புக்கேற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்களை மாற்றித் தமிழ்நாடு அரசு 2020-இல் ஆணை பிறப்பித்தது. எதிர்ப்புகள் எழவே அவ்வாண்டு சூன் திங்களிலேயே அது திரும்பப்பெறப்பட்டது. எழும்பூர் Ezhumboor எனவும், தூத்துக்குடி Thooththukkudi எனவும் அதில் மாற்றப்பெற்றிருந்தன. அவ்வாணை நிலைத்திருப்பின் இவ்விடர் தீர்ந்திருக்கும் என்பாரும் உளர். இனி எழுதப்படும் பதிவுகளுக்கு ஓரளவு அஃது உண்மையாகலாம். முந்நூறு ஆண்டுகளாக எழுதப்பட்டு முடிந்த பதிவுகளோ எவ்வாணையாலும் மாறமாட்டா. அவற்றை நோக்கும் ஆய்வாளர்க்கு ஐந்தாவதாக ஒரு வடிவம் மிகுந்திருக்கும் அவ்வளவே. ஆணை வெளிவந்த சில நாட்களின் தாள்களில் அவ்வடிவம் இன்றும் காணக்கிடைத்தலால், அதனையும் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இணைப்பு மூன்று படிகளை உடையதெனத் தெளியலாம். மெய்க்கோவை, ஒன்றாயிருத்தல் கூடும் என்னும் ஊர்களைத் திரட்டித் தருகின்றது. ஒற்றை மெய், இரட்டை மெய் பற்றிய ஒலிச்சான்று, அத்திரளைச் சுருக்குகின்றது. அயலூர்களும் நிலப்பரப்பும் முடிவு செய்கின்றன. முதற் படியில் ஒத்ததையே முடிவாகக் கொள்வார் கடப்பாக்கத்தில் வழுக்குவர். இரண்டாம் படியோடு நிற்பார் Trivatore-இல் வழுக்குவர்.

இணைத்த பின்னர் இரு மூலங்களின் எழுத்து வடிவங்களையும் மாற்றாது அவ்வாறே காத்தல் வேண்டும். திருத்திய வடிவத்தை மூலத்தின்மேல் எழுதிவிடின், பிழை நேர்ந்தவிடத்து மீளும் வழி அடைபட்டுப்போம். ஒவ்வோர் இணைப்புக்கும் எதிரே, உறுதி, ஒருவாறு, ஐயம் என்னும் மூன்றில் ஒன்றைக் குறித்து, அவ்வாறு கொண்டதற்குரிய காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைத்தல் வேண்டும். இரண்டு தமிழ் ஊர்கள் ஓர் ஆங்கில வரியைப் பற்றி நிற்கும் இடங்களைத் தனியே எடுத்து நோக்கின் பிழைகள் பெரும்பாலும் ஆங்கே அகப்படும். ஐயம் எனக் குறித்த வரிகளை எண்ணிக்கையில் சேர்க்காமலே விடுவதால் ஆய்வுக்கு இழுக்கில்லை. திருவொற்றியூர் வட்டாரத்து ஊர்கள் பல மாநகரத்துள் மறைந்து, விம்கோ நகர் போன்ற புதுப்பெயர்களின் கீழ் அடங்கிவருகின்றன. அயலூர் யாது என்று கேட்டால் விடைகூறும் முதியோர் ஆங்காங்கே இன்னும் இருக்கின்றனர். பட்டியலில் ஐயம் என நின்ற ஊர்களுக்கு முதற்கண் அவரிடம் சென்று வினவுதல் தக்கது.